ஹீரோ ஷாட்டில் தலைப்புக்காக விடும் வானம்: சொல் வேண்டும்

காட்பாடி, கட்டட வரைஞர்:
கட்டப்போகும் வீட்டை வாடிக்கையாளருக்குக் காட்டும் விளக்கப் பலகையை நிரப்பும், கணினியில் செய்த வெளிப்புறப் படத்தை அலுவலகத்தில் ஹீரோ ஷாட் என்கிறோம். அது இருந்துவிட்டுப் போகட்டும். தலைப்பு எழுத அதன் மேற்பகுதியில் விட்டுவைக்கும் வானத்துக்குத்தான் சொல் தேடுகிறேன். ‘வான்வெளி’ என்று குறிப்பெழுதினேன். பயிற்சிக்கு வந்த மாணவர் அங்கே மேகங்களை நிரப்பிவிட்டார். வெள்ளை எழுத்து மேகத்தில் கரைந்துபோயிற்று.

குடியாத்தம், தமிழாசிரியர்:
‘வெற்றுவானம்’ எனலாமே. இத்தகைய படங்களின் மேல்மூலையில் அழகுக்காகத் தொங்கவிடும் மரக்கிளைக்கு ‘முன்கிளை’. வானம் போதவில்லையென்றால் கேமராவைச் சற்று அண்ணாந்து பார்க்கச் செய்யுங்கள்.

வேலூர், முப்பரிமாணப் படம் செய்பவர்:
ஐயா, அண்ணாந்தால் வானம் கிடைக்கும். சுவர்களோ மேலே போகப்போக உள்ளே சாயும். கேமரா மட்டமாகவே இருக்க, சட்டகத்தை மட்டும் உயர்த்த வேண்டும்.

கைப்பிடிச்சுவர் உச்சி 8 மீட்டர் உள்ள மாடிவீடு, கேமரா 1.6 மீட்டர் கண்ணுயரத்தில் என்று கொள்வோம். படத்தை உயரவாக்கில் மூன்றாகப் பிரித்து, அடிவானத்தைக் கீழ்க்கோட்டிலும் கைப்பிடிச்சுவரை மேல்கோட்டிலும் வைத்தால் நடுப்பட்டை 6.4 மீட்டர், முழு உயரம் 19.2 மீட்டர். கிடைவாக்கு ஏ1 தாளில் அகலம் 27 மீட்டர் வரும். 24 மி.மீ. லென்சுக்கு வீட்டிலிருந்து 18 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பிளெண்டர் மென்பொருளில் சட்டகத்தை உயர்த்தும் `Shift Y` ஏறத்தாழ 0.12. தாளின் மேல்புறம் 198 மி.மீ. வானம் உங்களுக்கு.

நம் ஊர்க் குன்றுகளும் இதில் அடங்கும். ஒரு கிலோமீட்டர் தள்ளி 200 மீட்டர் உயர்ந்த குன்று, இந்தப் படத்தில் கைப்பிடிச்சுவருக்குக் கீழேயே நின்றுவிடும். மனை மலையடிவாரத்தில் இருந்தால் இந்தக் கணக்கு உதவாது.

ஆரணி, ஒளிப்படக்காரர்:
அகலத்தையும் மூன்றாகப் பிரித்து, வீட்டு முனை வலக்கோட்டில் இருந்தால் கிளை இடப்பக்கம்தானே வர வேண்டும்? எடை சமமாகும்.

வேலூர்:
படம் மட்டும் என்றால் சரி. பலகையில் தலைப்பு இடப்பக்கம் தொடங்குகிறது. எழுத்து இலைமேல் ஏறும். அதனால் நான் கிளையையும் வலமேல் மூலையிலிருந்தே இறக்குகிறேன். இடப்பக்கத்தைச் சுற்றுச்சுவரும் சாலையும் தாங்கும். இன்னொன்று, இலைநுனி கைப்பிடிச்சுவரைத் தொட்டும் தொடாமலும் நிற்கக்கூடாது. அச்சில் சுவர் விரிசல் விட்டதுபோல் தெரியும். தெளிவாக விலகட்டும், அல்லது நன்றாக மறைக்கட்டும்.

ராணிப்பேட்டை, வீடு கட்டியவர்:
என் வீட்டுப் படத்திலும் அழகான வேப்பங்கிளை இருந்தது. குடிவந்தபின், மரத்தை யார் வெட்டினார்கள் என்று கேட்டேன். அப்படி ஒரு மரமே இருந்ததில்லையாம்!

வேலூர்:
அது உங்கள் மனைக்கு வெளியே, கேமராவுக்கு இரண்டு மூன்று மீட்டர் முன்னால் தொங்கவிட்டது. எதிர்ச்சாரியில் உண்மையாகவே மரம் இருந்தால்தான் கிளை வைக்க வேண்டும் என்பது என் கட்சி. என் வாடிக்கையாளர்கள் பலர் ஒப்புவதில்லை.

குடியாத்தம்:
இவ்வளவும் எழுத்துக்காகத்தான் என்றால் ‘வெற்றுவானம்’ பொருந்தாது. மேகமில்லாத நாளையும் அப்படித்தானே சொல்வோம்? ‘தலைப்புவானம்’ என்று திருத்துகிறேன்.

காட்பாடி:
‘தலைப்புவானம்’ என்று குறிப்பில் எழுதினால் யாரும் மேகம் போடமாட்டார்கள். மலையடிவார மனை ஒன்று கையில் இருக்கிறது. அங்கே தலைப்பு பாறைமேல்தான் விழும். அதை எப்படி வானம் என்பது?