மீட்டிங்கை 50 நிமிடமாகக் குறைத்தோம், ஆனால் ஆறு மணிக்குத்தான் முடிகிறது. குழுவுக்கு மெயில் எப்படி எழுதுவது?

லாஸ்பேட்டை லீட்:

வணக்கம். புதுச்சேரியில் ஒரு சாப்ட்வேர் சப்போர்ட் குழுவைப் பார்த்துக்கொள்கிறேன். என்னையும் சேர்த்து எட்டுப் பேர், அதில் பாதிப் பேர் கடலூரிலிருந்து தினமும் வந்து போகிறவர்கள். வாடிக்கையாளர் பிரான்ஸில், லியோன் நகரத்தில். எங்களுக்கு மீட்டிங் எல்லாமே ஒட்டி ஒட்டி வருகிறது, ஒன்று முடிந்து தண்ணீர் குடிக்க எழுந்திருப்பதற்குள் அடுத்தது ஆரம்பித்துவிடும். அதனால் அரை மணி நேர மீட்டிங்கை 25 நிமிடமாகவும் ஒரு மணி நேரத்தை 50 நிமிடமாகவும் ஆக்கலாம் என்று குழுவில் சொன்னேன், எல்லோரும் சரி என்றார்கள். Outlook-இல் `Shorten appointments and meetings` என்பதை டிக் செய்து `End early` வைத்தேன்.

இப்போது நடப்பது இதுதான். நான் புதிதாகப் போடும் மீட்டிங் மட்டும் 50 நிமிடம் காட்டுகிறது, மற்றவர்கள் போடுவது பழையபடி ஒரு மணி நேரம். வாராந்திர ரெவ்யூ மாறவே இல்லை என்பதால் அதைக் கையால் 5:00 முதல் 5:50 என்று மாற்றினேன், அப்படியும் பேச்சு ஆறு தாண்டித்தான் நிற்கிறது. கடலூர் வேன் 6:10-க்குக் கிளம்பிவிடும். அதை விட்டவர்கள் பஸ் ஸ்டாண்ட் போய் நின்று, அரியாங்குப்பம் நெரிசலில் மாட்டி, வீடு சேரும்போது எட்டு மணி ஆகிறது. எனக்கு இது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இதை முறையான ஒரு ஏற்பாடாக மெயிலில் அனுப்ப வேண்டும். எப்படி எழுதினால் நடைமுறைக்கு வரும்? 'அதே வேலையை இன்னும் குறைவான நேரத்தில் முடி என்கிறீர்களா' என்று ஒருவர் ஏற்கெனவே கேட்டுவிட்டார்.

ரெட்டியார்பாளையம்:

இதற்கு மெயிலே வேண்டாம் சார். எங்கள் ஆபீஸில் Google Calendar, அதில் செட்டிங்ஸில் `Speedy meetings` என்று ஒன்று இருக்கிறது. டிக் செய்தால் 30 நிமிடம் 25 ஆகும், ஒரு மணி நேரம் 50 ஆகும். எல்லா மீட்டிங்கும் தானாகக் குறைந்துவிடும், யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. Outlook-இலும் அட்மினிடம் சொன்னால் எல்லோருக்கும் போட்டுவிடுவார்கள்.

காலண்டர் அட்மின்:

பாதிதான் சரி சார். `Speedy meetings` ஆகட்டும், Outlook-இல் இருப்பது ஆகட்டும், டிக் செய்தவர் அதற்குப் பிறகு புதிதாகப் போடும் மீட்டிங்கைத்தான் குறைக்கும். ஏற்கெனவே காலண்டரில் உள்ளதைத் தொடாது, வேறொருவர் அனுப்பும் அழைப்பையும் தொடாது. லீட் பார்ப்பது கோளாறு இல்லை, அது வேலை செய்யும் விதமே அப்படி.

அட்மின் போடலாம் என்பது உண்மை, கட்டளை இதுதான்:

```
Set-OrganizationConfig -ShortenEventScopeDefault EndEarly -DefaultMinutesToReduceShortEventsBy 5 -DefaultMinutesToReduceLongEventsBy 10
```

ஆனால் பெயரிலேயே இருக்கிறது பாருங்கள், இது மொத்த நிறுவனத்துக்கும் போகும். எட்டுப் பேர் குழுவுக்காக இதை ஓட்டச் சொல்லாதீர்கள், கணக்குப் பிரிவிலிருந்து மனிதவளம் வரை எல்லோரும் புதிதாகப் போடும் மீட்டிங் திடீரென்று குறைந்து, என்ன நடந்தது என்று ஹெல்ப்டெஸ்க்குக்குப் போன் வரும். உங்கள் எட்டுப் பேரும் அவரவர் Outlook-இல் டிக் செய்வதுதான் வழி, எந்த இடத்தில் என்று மெயிலிலேயே சொல்லுங்கள்: `File > Options > Calendar`.

வாரா வாரம் வரும் மீட்டிங்கில் ஒரு சிக்கல் உண்டு. Outlook-இல் முழுத் தொடரின் நேரத்தை மாற்றினால், நடுவில் ஒருநாள் மட்டும் தள்ளி வைத்ததெல்லாம் அழிந்து பழைய நிலைக்குப் போய்விடும். அதனால் பழைய தொடருக்கு இந்த வாரத்தோடு முடிவுத் தேதி கொடுத்துவிட்டு, புதிதாக ஒரு தொடர் போடுங்கள். கொஞ்சம் கூடுதல் வேலைதான், ஆனால் பின்னால் குழப்பம் இருக்காது.

அப்புறம், `End early` வைத்தால் யாரும் மதிப்பதில்லை என்பது நான் திரும்பத் திரும்பப் பார்த்தது. அடுத்த மணி அடிக்கும் வரை நேரம் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் பேச்சு அதுவரை நீளும். `Start late` வைத்தால் 5:10-க்குத் தொடங்கும். ஆறு மணிக்கு எப்படியும் நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்பதால் இடைவெளி உண்மையிலேயே கிடைக்கும்.

மஞ்சக்குப்பம் பயணி:

நானும் தினமும் கடலூர் - பாண்டி போய் வருகிறேன், வேறு கம்பெனி. அட்மின் சார் சொல்வது பகல் மீட்டிங்குக்குச் சரி. மாலை கடைசி மீட்டிங்குக்கு அது எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு பயனும் தராது. 5:10-க்குத் தொடங்கி ஆறுக்கு முடிந்தால் வேன் அதே இழுபறிதான். கம்ப்யூட்டரைப் பூட்டி, பையை எடுத்து, லிப்டில் இறங்கவே பத்து நிமிடம் போய்விடும். கடைசி மீட்டிங் மட்டும் முன்னாலேயே முடிய வேண்டும்.

காலண்டர் அட்மின்:

ஒத்துக்கொள்கிறேன் தம்பி. செட்டிங்ஸில் ஒருவர் இரண்டில் ஒன்றைத்தான் வைக்க முடியும், அதனால் கடைசி மீட்டிங்கைக் கையால் 5:00 - 5:45 என்று போட்டுவிடலாம்.

வார்டு பொறுப்பாளர், கடலூர்:

நான் மருத்துவமனையில் இருக்கிறேன். எங்கள் ஷிப்ட் மாறும்போது பொறுப்பு ஒப்படைக்க அரை மணி நேரம் வைத்திருக்கிறோம், அதையும் 25 ஆக்கச் சொல்கிறீர்களா? ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்ல விட்டுப்போனால் இரவு ஷிப்டில் இருப்பவர் மாட்டிக்கொள்வார். எல்லா மீட்டிங்கையும் ஒரே கத்தியால் வெட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

லாஸ்பேட்டை லீட்:

உங்கள் வார்டைப் பற்றிக் கேட்கவில்லை அக்கா, ஆனால் நீங்கள் சொன்னது எங்களுக்கும் பொருந்துகிறது. மாலையில் எங்கள் ஆளிடமிருந்து இரவு ஷிப்ட் ஆளுக்குப் போகும் ஒப்படைப்பு இருக்கிறது, அதைத் தொடக் கூடாது என்று மெயிலில் சேர்க்கிறேன்.

பழைய மேனேஜர்:

எல்லோரும் கடிகாரத்தையே பார்க்கிறீர்கள், அந்த 5 மணி மீட்டிங்கில் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. லீட், சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை லீட்:

ஏழு பேரும் அவரவர் டிக்கெட் நிலவரம் சொல்வார்கள், ஆளுக்கு ஐந்து நிமிடம் போல ஆகும். அப்புறம் மாட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு மூன்று பிரச்சினையைப் பேசி, யார் எடுப்பது, லியோனுக்கு என்ன பதில் சொல்வது என்று முடிவு செய்வோம்.

பழைய மேனேஜர்:

கோளாறு அங்கேதான் இருக்கிறது. ஏழு பேர், ஐந்தைந்து நிமிடம் என்றால் நிலவரத்துக்கே 35 நிமிடம். மீதி 25 நிமிடத்தில் மூன்று பிரச்சினை, அதுவே நெருக்கடி. அதில் பத்து நிமிடத்தை வெட்டினால் வெட்டுப்படுவது கடைசியில் வரும் முடிவுதான், அதனால்தான் ஆறு தாண்டி இழுக்கிறது. நீங்கள் நேரத்தைக் குறைத்தீர்கள், வேலையைக் குறைக்கவில்லை. அந்த ஒருவர் கேட்டாரே, அவர் கேட்டது நியாயமான கேள்வி.

நிலவரத்தை எழுத்துக்கு மாற்றுங்கள். மீட்டிங் நாளன்று மதியம் மூன்று மணிக்குள் ஒரே ஷீட்டில் ஒவ்வொருவரும் மூன்று வரி: எது முடிந்தது, எது நிற்கிறது, யாரிடமிருந்து என்ன வேண்டும். மீட்டிங்கில் அதை வாசிக்கக் கூடாது. நின்றுபோன பிரச்சினைகளிலிருந்து நேராகத் தொடங்குங்கள், பெரியது முதலில். 5:35-க்கு யாராவது ஒருவர் 'முடிவுகளை எழுதிக்கொள்வோம்' என்று சொல்ல வேண்டும், முடியாதது மறுநாள் அதற்குத் தேவையான இரண்டு பேரோடு மட்டும் பேசப்படும். இப்படி 45 நிமிடம் தாராளமாகப் போதும்.

மெயிலில் இந்த மாற்றம்தான் முதலில் வர வேண்டும், நேரம் அதற்கு அடுத்து. நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன். ஆபீஸில் ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள், இங்கே தமிழில் போடுகிறேன்:

> தலைப்பு: வரும் திங்கள் முதல் நம் மீட்டிங் நேரங்கள்
>
> அனைவருக்கும், வாராந்திர ரெவ்யூவில் இனி டிக்கெட் நிலவரம் வாசிக்க மாட்டோம். அன்று மதியம் 3 மணிக்குள் ஷீட்டில் மூன்று வரி எழுதிவிடுங்கள். ரெவ்யூ 5:00 முதல் 5:45 வரை, நின்றுபோன பிரச்சினைகளுக்கு மட்டும்.
>
> நாம் போடும் மற்ற மீட்டிங் 30 நிமிடத்துக்குப் பதில் 25, 60-க்குப் பதில் 50, ஐந்து பத்து நிமிடம் தாமதமாகத் தொடங்கும். இதற்கான செட்டிங்கை எங்கே மாற்றுவது என்று கீழே படம் இருக்கிறது. பழைய தொடர் மீட்டிங்குகளை நானே மாற்றி அனுப்புகிறேன், புதிய அழைப்பு வந்ததும் ஏற்றுக்கொள்ளுங்கள்.
>
> மாலை ஷிப்ட் ஒப்படைப்பும், வாடிக்கையாளர் அழைக்கும் மீட்டிங்கும் மாறாது. கூடுதல் நேரம் தேவைப்படும் மீட்டிங்குக்கு அழைப்பிலேயே காரணத்தை ஒரு வரி எழுதி முழு மணி நேரம் போடலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.
>
> நான்கு வாரம் பார்ப்போம். ஐந்தாவது வார ரெவ்யூவில் இதைத் தொடர்வதா என்று சேர்ந்து முடிவு செய்வோம்.

'ஆராய்ச்சி சொல்கிறது' என்று எதையும் சேர்க்காதீர்கள். மைக்ரோசாப்ட் 2021-இல் வெளியிட்ட மூளை அலை ஆய்வை எல்லோரும் எடுத்துப் போடுவார்கள், அதில் கலந்துகொண்டவர்கள் 14 பேர்தான். அதுவும் இடைவேளை விட்டால் மன அழுத்தம் குறைகிறதா என்று பார்த்தது, 50 நிமிடம் போதுமா என்று பார்க்கவில்லை. உங்கள் குழுவுக்கு அந்த வேன் நேரமே போதுமான காரணம்.

ரெட்டியார்பாளையம்:

நான்கு வாரம் எப்படிப் பார்ப்பது? Teams-இல் வருகை அறிக்கை எடுத்தால் யார் எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று வரும், அதை வைத்துக் கணக்குப் போடலாமே.

மஞ்சக்குப்பம் பயணி:

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வேனுக்காக எழுந்து போனவர் பெயர்தான் முதலில் அதில் தெரியும்.

பழைய மேனேஜர்:

தம்பி சொல்வது சரி. மீட்டிங் முடிந்த நேரத்தை மட்டும் அழைப்பின் சாட்டில் ஒரு வரி போட்டால் போதும். 5:45 என்று போட்டது எத்தனை வாரம் 5:50-ஐத் தாண்டியது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். தாண்டிய வாரங்களில் ஷீட் எழுதப்படாமல் இருந்ததா என்றும் பாருங்கள், பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

லாஸ்பேட்டை லீட்:

ஷீட் இன்றே போட்டுவிட்டேன், மெயிலும் கிட்டத்தட்ட இதே வரிசையில் அனுப்புகிறேன். ஒன்று மட்டும் பிடிபடவில்லை. லியோன்காரர் போடும் மீட்டிங் அங்கே காலை 11 முதல் 12. இப்போது நமக்கு 2:30 முதல் 3:30. அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் வைத்ததும் அது 3:30 முதல் 4:30 ஆகிவிடும், எங்கள் நான்கு மணி மீட்டிங்கின் மேல் வந்து உட்காரும். அழைப்பு அவர்களுடையது, நான் மாற்ற முடியாது.

காலண்டர் அட்மின்:

நான்கு மணி மீட்டிங் உங்களுடையது என்றால் குளிர்காலத்துக்கு அதைக் காலையில் வையுங்கள், இப்போதே தனித் தொடராகப் போட்டுவிடலாம். லியோன்காரரிடம் 11:50-க்கு முடிக்கலாமா என்று கேட்பதில் தப்பில்லை, ஆனால் அதை இந்த மெயிலில் எழுதாதீர்கள், அவரிடம் தனியாகக் கேளுங்கள்.

பழைய மேனேஜர்:

நான் என்றால் முதல் நான்கு வாரம் அவரிடம் எதுவும் கேட்க மாட்டேன். முதலில் நம் மீட்டிங் நேரத்துக்கு முடியட்டும்.