ஒவ்வொரு வீட்டுக்கும் கூடுதல் தொகை வந்தும் கையில் நிற்கவில்லை: தூரத்து லேபை வைத்துக்கொள்வதா, விடுவதா?

பைக்டெக்:
வீட்டுக்குப் போய் ரத்தம் எடுக்கும் வேலையில் இரண்டு லேபுடன் டை-அப். ரூபாயைச் சொல்லாமல், பக்கத்து லேப் ஒரு வீட்டுக்குத் தருவதை 100 என்று வைத்துக்கொள்கிறேன்.

பக்கத்து லேப்: வீட்டுக்கு 100. டியூப், ஊசி எல்லாம் அவர்களே தருவார்கள். காலையில் 6 வீடு, ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு 12 நிமிடம். கடைசி வீட்டிலிருந்து அவர்கள் சென்டருக்கு 10 நிமிடம்.

தூரத்து லேப்: வீட்டுக்கு 160. டியூபும் ஊசியும் என் செலவு, வீட்டுக்கு 15 ஆகிறது. 4 வீடு, நடுவே 25 நிமிடம். கடைசி வீட்டிலிருந்து லேபுக்கு 40 நிமிடம். பெட்ரோல் பக்கத்து லேபுக்கு நாளுக்கு 60, தூரத்து லேபுக்கு 150. எந்த வீட்டிலும் உள்ளே 15 நிமிடம் ஆகிவிடும்.

தூரத்து லேபில் இந்த மாதம் இரண்டு மாதிரியைத் திருப்பிவிட்டார்கள். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். மறுபடி போய் எடுத்ததற்குக் காசு இல்லை. 160-ஐ விட மனசில்லை, ஆனால் நாள் முடிவில் ஒன்றும் மிஞ்சுகிற மாதிரி தெரியவில்லை. எங்கே போகிறது? ஒரே சுற்றில் இரண்டு லேபுக்கும் எடுக்கலாமா?

சென்டர்ராஜா:
வீட்டுக்கு இவ்வளவு என்று வாங்குவதே தப்பு தம்பி. பில்லில் சதவீதம் கேளுங்க. ஃபுல் பாடி செக்-அப் ஒன்று விழுந்தால் நாலு வீட்டுக் காசு ஒரே வீட்டில் வந்துவிடும். நம்ம சென்டர் முழுக்க அப்படித்தான் ஓடுது.

சீரம்:
ராஜா அண்ணா, அது சென்டர் வைத்திருப்பவருக்குச் சரி, ஆள் உங்களிடம் நடந்து வருகிறார். இவர் வண்டியில் போகிறார். தூரத்து வீட்டில் வெறும் சுகர் டெஸ்ட் ஒன்றுதான் என்றால் சதவீதத்தில் பெட்ரோல் காசே தேறாது. சதவீதம் வாங்கினாலும் வீட்டுக்கு ஒரு குறைந்தபட்சத் தொகை எழுத்தில் இருக்க வேண்டும்.

பைக்டெக், வீட்டுக்கு எவ்வளவு என்பதை விட்டுவிட்டு மணிக்கு எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். வீட்டிலிருந்து கிளம்பித் திரும்புகிற வரை எல்லா நிமிடமும் கணக்கில் வரணும்.

பக்கத்து லேப்: பெட்டி தயார் செய்ய 20, முதல் வீட்டுக்கு 15, உள்ளே 6 × 15 = 90, நடுவே 5 × 12 = 60, சென்டருக்கு 10, ஒப்படைக்க 10, திரும்ப 20. மொத்தம் 225 நிமிடம், அதாவது 3 மணி 45. வரவு 600, பெட்ரோல் போக 540. மணிக்கு 144.

தூரத்து லேப்: தயார் 20, முதல் வீட்டுக்கு 20, உள்ளே 60, நடுவே 75, லேபுக்கு 40, ஒப்படைக்க 10, திரும்ப 45. மொத்தம் 270, நாலரை மணி. வரவு 640. பெட்ரோல் 150, டியூப் 60 போக 430. மணிக்கு 96 கூட இல்லை.

முதல் வீட்டுக்கு, திரும்ப ஆகும் நிமிடங்களை நானே வைத்தேன், உங்கள் நேரத்தைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். அதில் பத்து நிமிடம் முன்பின் ஆனாலும் முடிவு மாறாது. வீட்டுக்கு 60 கூட வருவதை வழியும் டியூபும் தின்றுவிடுகின்றன. மறுபடி ஓசியில் போன அந்த இரண்டு நடை இதில் சேரவே இல்லை.

சாப்பிட்ட பின் சுகரும் இருக்கிறதா? தூரத்து லேபில் அதற்குத் தனிக் காசு உண்டா?

பைக்டெக்:
நாளுக்கு ஒரு வீடாவது இருக்கும். இரண்டாவது முறை போவதற்குத் தனியாக எதுவும் தருவதில்லை.

சீரம்:
அப்படியென்றால் இன்னும் கீழே போகும். அந்த வீட்டுக்குத் திரும்ப 25 நிமிடம், உள்ளே 10 நிமிடம் என்றால் மொத்தம் 305 நிமிடம். கூடுதல் பெட்ரோல் ஒரு 20 போனால் 410. மணிக்கு 80 பக்கம் வந்து நிற்கும்.

அதைவிடப் பெரிய தொல்லை நேரம்தான். சாப்பிட ஆரம்பித்த நேரத்திலிருந்து 2 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும், முடித்த நேரத்திலிருந்து இல்லை. அந்த வீட்டை நடுவில் வைத்தால் நீங்கள் லேபில் இருக்க வேண்டிய நேரத்தில் அவர் கையை நீட்டிக்கொண்டு காத்திருப்பார். அதனால் அது முதல் வீடாக இருக்கட்டும். 6:30-க்கு எடுத்து, 6:45-க்கு அவர் சாப்பிட உட்கார்ந்தால், நாலாவது வீட்டை முடித்துவிட்டு 8:45-க்கு அங்கே போய் நிற்கலாம், அந்த இரண்டு வீடும் பக்கத்தில் இருந்தால்.

கூல்பாக்ஸ்:
மாதிரி திரும்பி வருவதற்கு ஒரே காரணம் சூடு. எடுத்த கையோடு எல்லா டியூபையும் ஐஸ் ஜெல் நடுவில் வைத்துவிடுங்க ப்ரோ. மூணு மணி நேரம் ஆனாலும் ஒன்றும் ஆகாது.

ரிசெப்ஷன்மேசை:
கூல்பாக்ஸ் சொல்வது சுகருக்குப் பாதி பொருந்தும், குளிரில் செல்கள் சர்க்கரையைத் தின்பது மெதுவாகும். பொட்டாசியத்துக்கு நேர் எதிர். சீரம் பிரிக்காத ரத்தத்தைக் குளிரில் வைத்தால், பொட்டாசியத்தைச் செல்லுக்குள் பிடித்து வைக்கிற பம்ப் மந்தமாகிவிடும், அது கசிந்து சீரத்துக்கு வரும். செல் உடையவே இல்லை, அதனால் சீரம் தெளிவாகத்தான் இருக்கும். எங்கள் மேசைக்கு வரும்போது பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. ரிப்போர்ட் மட்டும் தப்பாகப் போகும்.

பைக்டெக், திரும்பி வந்த இரண்டிலும் லேப் என்ன குறிப்பு எழுதியது? சீரத்தின் நிறம் என்ன?

பைக்டெக்:
ஒன்றில் பொட்டாசியம் 5.9, சீரம் தெளிவு, சுகர் சரியாகவே இருந்தது. அன்று ஜெல் பாக் மேலேயே டியூபை வைத்திருந்தேன். இன்னொன்றில் சீரம் ரோஸ் நிறம் என்று எழுதியிருந்தார்கள். 5 மில்லி சிரிஞ்சில் எடுத்து, ஊசியோடு டியூப் மூடியில் குத்தி அழுத்தினேன்.

ரிசெப்ஷன்மேசை:
இரண்டும் வேறு வேறு தப்பு. முதலாவது குளிர். நேரம் கடந்து கெட்டிருந்தால் பொட்டாசியம் ஏறும்போது, ஃப்ளோரைடு இல்லாத டியூபில் சுகரும் இறங்கியிருக்கும். இரண்டாவதில் செல் உடைந்திருக்கிறது, நீங்கள் அழுத்திய அழுத்தத்தில் மெல்லிய ஊசி வழியாகப் பாய்ந்து நொறுங்கியிருக்கிறது. மூன்றாவது வகை ஒன்றும் உண்டு: பொட்டாசியம் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. அது ஊதா மூடி டியூபின் மருந்து சீரம் டியூபில் கலந்ததால். ஊதாவை முன்னால் நிரப்பிவிட்டு அதே ஊசியால் சீரம் டியூபைத் தொட்டால் வரும்.

சிரிஞ்சில் எடுத்தால் அழுத்தவே கூடாது. ஊசியைக் கழற்றி நேரே ஊசிக் குப்பைப் பெட்டியில் போட்டுவிட்டு, டியூப் மூடியைத் திறந்து, சுவரோரமாக மெதுவாக வழிய விடுங்கள். சிரிஞ்சிலிருந்து டியூபுக்கு மாற்றும் முனை வாங்கினால் இன்னும் பாதுகாப்பு, டியூபின் வெற்றிடமே இழுத்துக்கொள்ளும். ஸ்பிரிட் தடவிய இடம் காய அரை நிமிடம் விடுங்கள். ரத்தம் எடுக்கக் கையில் இறுக்கும் கட்டு ஒரு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

சீரம் எடுக்கும் ஜெல் டியூபை ஐந்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்திவிட்டு, ராக்கில் நேராக நிற்க வையுங்கள். உறைவதற்கு 30 நிமிடம். உறையும் முன்பே படுக்கப் போட்டு மேடு பள்ளத்தில் ஓட்டினால் செல் உடைய இன்னொரு காரணம் ஆகும். வண்டியில் பெட்டியைக் கால் வைக்கும் இடத்தில் வைக்காதீர்கள், அதிர்வு நேராக ஏறும்.

சீரம்:
மேசை சொன்னதோடு நேரத்தைச் சேர்த்துப் பாருங்கள். சீரத்தை 2 மணி நேரத்துக்குள் செல்லிலிருந்து பிரிப்பது நல்லது. தூரத்துச் சுற்றில் 6:30-க்கு முதல் ஊசி, லேப் சேர்வது 9:15. சாப்பிட்ட பின் சுகருக்குத் திரும்பினால் பத்தை நெருங்கும். அந்த முதல் டியூப் மூன்று மணி நேரத்துக்கு மேல் பிரிக்காமல் கிடக்கிறது.

அதனால் வீடுகளைத் தூரத்தை மட்டும் வைத்து வரிசைப்படுத்தாதீர்கள், டெஸ்டையும் பாருங்கள். ஊதா மூடி மட்டும் எடுக்கும் வீடு, ஃப்ளோரைடு சுகர் வீடு முதலில். அவை காத்திருக்கும். பொட்டாசியம் கேட்ட வீடு கடைசியில். ஃப்ளோரைடும் போட்ட உடனே வேலை செய்துவிடாது, முதல் ஒன்றிரண்டு மணி நேரம் சுகர் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், ஆனால் வெறும் டியூப் அளவுக்கு இல்லை.

சாப்பிட்ட பின் சுகரும் பொட்டாசியமும் ஒரே வீட்டில் இருந்தால், பொட்டாசியம், கிரியேட்டினின் டியூபை இரண்டாவது முறை போகும்போது எடுக்கலாம், அதற்கு வெறும் வயிறு தேவையில்லை. லேபிடம் முன்பே ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் பக்கத்து லேப் சுற்றும் இதே சிக்கல்தான், முதல் டியூப் இரண்டரை மணி நேரம் நிற்கிறது. சென்டர் பக்கத்தில் இருப்பதால் மூன்றாவது வீட்டுக்குப் பின் ஒரு நடை போய் ஒப்படையுங்கள். 15 நிமிடம் கூடும், மணிக்கு 135 ஆகும். அப்போதும் அதுதான் மேல். அவர்கள் சென்ட்ரிஃபியூஜ் எத்தனை மணிக்கு ஓட ஆரம்பிக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்பது மணிக்குத்தான் ஆள் வருவார் என்றால் முன்பே கொண்டுபோய்க் கொடுத்துப் பயனில்லை.

பைக்டெக்:
வரிசை மாற்றுவது தோன்றவே இல்லை. அப்போ தூரத்து லேபை விட்டுவிடுவதா, இல்லை கேட்டுப் பார்ப்பதா?

சீரம்:
மூன்று விஷயம் கேளுங்கள், எழுத்தில். இரண்டாவது முறை போவதற்குத் தொகை. மறுபடி எடுப்பது உங்கள் தப்பு இல்லை என்றால் அதற்குத் தொகை, தப்பு யாருடையது என்று சீரத்தின் குறிப்பை வைத்து முடிவு செய்யட்டும். டியூபும் ஊசிக் குப்பைப் பெட்டியும் அவர்கள் தருவது, நிரம்பிய பெட்டியைத் திரும்ப வாங்குவது. முக்கால் பங்கு நிரம்பியதும் மூடிவிட வேண்டிய பெட்டி அது, வீட்டில் சேர்த்து வைக்க முடியாது. இவையெல்லாம் கிடைத்தாலும் 40 நிமிட வழி குறையாது. வழியில் ஓர் ஒப்படைப்பு இடம் வைத்தால் தொடருங்கள், இல்லையென்றால் அந்த நேரத்தில் பக்கத்து லேபிடம் இன்னும் இரண்டு வீடு கேட்பது மேல்.

ஒரே சுற்றில் இரண்டு லேபும் வேண்டாம் என்பேன். ஒரே பெட்டியில் இரண்டு விதப் பார்கோடு இருந்தால், என்றாவது ஒருநாள் ஸ்டிக்கர் மாறும்.

ரிசெப்ஷன்மேசை:
அதில் நான் ஒத்துப்போகவில்லை. டை-அப் தாளில் வேறு லேபுக்கு எடுக்கக் கூடாது என்று இல்லாவிட்டால், தனிப் பை, தனி ராக், ஒரு லேபின் வீடுகளை முழுக்க முடித்துவிட்டு அடுத்தது என்று செய்யலாம். படுக்கைப் பக்கத்திலேயே, அவர் பெயரை அவர் வாயால் சொல்லச் சொல்லி, எடுத்த பின் அங்கேயே ஒட்டினால் மாறாது. ஸ்டிக்கரை வண்டியில் வந்து ஒட்டுபவருக்கு ஒரே லேப் என்றாலும் மாறும்.

சீரம்:
ஆறாவது வீட்டில், அவசரத்தில், அதே ஒழுங்கு இருக்குமா என்பதுதான் என் பயம். அதோடு அடுத்த லேபுக்கு ஏறும் முன் முதல் லேபின் டியூபுகள் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் நேரம் மறுபடி இடிக்கும்.

கூல்பாக்ஸ்:
அப்போ பெட்டியில் ஐஸே வேண்டாமா?

ரிசெப்ஷன்மேசை:
வெயிலில் பெட்டி சூடேறாமல் இருக்க ஒரு பாக் வைக்கலாம். துணியில் சுற்றி, டியூபைத் தொடாமல், ராக்கிலிருந்து தள்ளி. லேபுக்குப் போகத் தாமதமாகும் சிறுநீர் மாதிரியைத் தனிப் பையில் குளிரில் வையுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே நிற்கக் கூடாதது அது. பிரிக்காத சீரம் டியூபை மட்டும் அதன் பக்கம் விடாதீர்கள்.

பைக்டெக்:
நாளை பொட்டாசியம் கேட்ட வீட்டைக் கடைசியில் போட்டிருக்கிறேன், எட்டரைக்கு. அவர் ஆறு மணிக்கே வரச் சொல்கிறார், மாத்திரை போட வேண்டுமாம்.

சீரம்:
எந்த மாத்திரை, எடுத்த பின் போடலாமா என்று அவர் மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள், நீங்களாகத் தள்ளிப்போடச் சொல்லாதீர்கள். ஆறு மணிதான் வேண்டும் என்றால் அந்த வீட்டைப் பக்கத்து லேபின் முதல் நடையில் சேர்க்க முடியுமா என்று பாருங்கள்.