சரக்கு ரெடி, பெட்டி இல்லை: உங்களுக்கு நடந்தது?

திருப்பூர்_பேக்கிங்
ஒரு வருஷம் ஆகியும் மறக்க முடியவில்லை. 6,000 டி-ஷர்ட், பெட்டிக்கு 40 வீதம் 150 பெட்டி. ஸ்டோர் பதிவேட்டில் 156 இருந்தது. தூத்துக்குடி லாரி வாசலுக்கு வந்துவிட்டது, நான் அடுக்கின் கடைசி வரிசையைத் தூக்கினேன், பெட்டி நமத்த அப்பளம் மாதிரி கையோடு மடங்கியது. பலகை போடாமல் வெறும் தரையில் அடுக்கியிருந்தார்கள், ஐப்பசி மழை, 19 பெட்டி தேறவில்லை. 13 பெட்டி குறைந்ததற்கு மொத்தச் சரக்கும் நின்றது, பகுதியாக அனுப்பினால் வாங்குபவர் ஏற்க மாட்டார்.

கோவை_ஸ்டோர்ஸ்
பத்து சதவீதம் கூடுதலாக வாங்கி வையுங்கள், பிரச்சனையே வராது.

பழைய_கணக்கு
வரும் சார். ஆர்டர் எண்ணும் ஸ்டைல் எண்ணும் அச்சான பெட்டி அடுத்த ஆர்டருக்கு உதவாது, குப்பையாகக் கிடக்கும். வாங்குபவர் ஒத்துக்கொண்டால் வெறும் பெட்டி வாங்கி, விவரத்தை ஸ்டிக்கரில் ஒட்டலாம்.

எனக்கு மாட்டியது டேப். நீளம் 60, அகலம் 40 சென்டிமீட்டர் பெட்டி. மேலும் கீழும் நடுவில் மட்டும் ஒட்டினால் ஒன்றரை மீட்டர் போதும், 65 மீட்டர் ரோலில் 43 பெட்டி முடியும். ஸ்டோர் அந்தக் கணக்கில் 150 பெட்டிக்கு 4 ரோல் கொடுத்தது. வாங்குபவரோ ஓரங்களிலும் ஒட்டச் சொல்லியிருந்தார். அப்போது பெட்டிக்கு மூன்றரை மீட்டர், ஒரு ரோலில் 18 பெட்டிதான், 9 ரோல் வேண்டும். நான்காவது ரோல் 72ஆவது பெட்டியில் தீர்ந்தது, இரவு 11 மணி, எந்தக் கடையும் இல்லை. அதனால் இப்போது ஆர்டர் கையில் வந்ததும் ஒரு பெட்டியை ஒட்டி அளந்து பார்க்கிறேன். பெட்டி வந்த அன்றே ஐந்தாறை மடித்து நிறுத்தி, உள்ளே துணியை வைத்தும் பாருங்கள். பேக்கிங் தொடங்கும் முந்தின நாள் அடி வரிசை வரை எண்ணுங்கள், நல்லது எத்தனை என்று தனியாக எழுதுங்கள்.

கோவை_ஸ்டோர்ஸ்
அளந்து பார்ப்பது சரி. ஆனால் கடைசியில் இரண்டு பெட்டி கிழிந்தால் என்ன செய்வீர்கள்? கூடுதல் வேண்டும்தான், அதை நான் விட மாட்டேன்.

வீட்டு_ஊறுகாய்
நீங்கள் எல்லாம் பெரிய கம்பெனி. என்னிடம் 2,000 லேபிள் இருந்தது, 300 பாட்டில் நிரப்பி முடித்த பிறகுதான் உணவு உரிம எண்ணில் ஒரு இலக்கம் தவறு என்று என் மகள் பார்த்தாள். ரோல் முழுதும் வீண். சாம்பிளை ஒரு நிமிடம் படித்திருக்கலாம். ஆமாம், சின்ன பெட்டி குறைந்த விலையில் எங்கே கிடைக்கும்?

திருப்பூர்_பேக்கிங்
@பழைய_கணக்கு அண்ணா, பெட்டி மேல் பார்கோடு ஸ்டிக்கரை வாங்குபவர் சொன்ன அச்சகத்திலிருந்துதான் எடுக்க வேண்டும், அவர்கள் சரியாக 150தான் தருகிறார்கள். ஒன்று கிழிந்தாலும் மறுபடி அச்சிட இரண்டு நாள். இதற்கு என்ன செய்கிறீர்கள்?

பழைய_கணக்கு
அதற்கு எனக்கும் வழி கிடைக்கவில்லை தம்பி. ஸ்டிக்கரை ஒரே ஆள் கையில் கொடுத்து, பெட்டி எண்ணைப் பார்த்து ஒட்டச் சொல்கிறேன். போன மாதமும் ஒன்று கிழிந்தது.