ரெஸ்யூமேயில் போட எண் இல்லை, 30,000 என்று போடலாமா?

கோலிவாடா பொண்ணு
ஐரோலியில் ஒரு பேக் ஆபீஸில் 2 வருஷம் 10 மாதம் இன்வாய்ஸ் ப்ராசஸிங் பார்த்தேன். போன மாதம் விட்டுவிட்டேன். லாகின் போய்விட்டதால் பழைய ரிப்போர்ட் எதையும் பார்க்க முடியாது. நாளுக்கு 80 இன்வாய்ஸ் போட்ட ஞாபகம். 80 × 30 × 12 = 28,800 வருகிறது. ரூம்மேட் "ஆண்டுக்கு 30,000+, துல்லியம் 99.5%, வேலை வேகம் 40% கூடியது என்று போடு" என்கிறாள். சரியான எண் கையில் இல்லாதபோது எதை எழுதுவது? அடுத்த வாரம் கோரேகாவில் இன்டர்வியூ.

அந்தேரி அண்ணாச்சி
தாராளமாகப் போடும்மா. ஒரு வேலைக்கு 300 ரெஸ்யூமே வரும். எண் இல்லாத ரெஸ்யூமேயை எச்.ஆர். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பின்னணி சரிபார்ப்பில் சேர்ந்த தேதி, விட்ட தேதி, பதவி, சம்பளம், அவ்வளவுதான் கேட்பார்கள். எத்தனை இன்வாய்ஸ் என்று உன் பழைய ஆபீஸுக்கு யார் போன் போட்டுக் கேட்கப் போகிறார்கள்?

மாட்டுங்கா பெரியவர்
நான் 31 வருஷம் வங்கியில் இருந்தவன். க்ளியரிங்குக்கு வரும் காசோலைகளைக் கட்டுக்கட்டாக எண்ணி, கூட்டல் பட்டியலோடு சரிபார்த்து, ஒரு ரூபாய் இடித்தாலும் கண்டுபிடிக்காமல் எழுந்ததில்லை. எண்ணிப் பார்க்காததை எழுதக் கூடாது. "இன்வாய்ஸ் பதிவு செய்தேன்" என்று மட்டும் எழுதம்மா. தெரியாத எண்ணை எழுதினால் அது பொய்க்கணக்கு.

தானே சுப்பு
மேனேஜரிடம் கேட்டால் யார் எத்தனை போட்டார்கள் என்ற எம்.ஐ.எஸ். ரிப்போர்ட் தருவாரே? அப்ரைசல் படிவத்தில் அதைத்தானே நாங்கள் ஒட்டுவோம். எங்கள் ஆபீஸில் ஏப்ரல் வந்தாலே இதே கூத்துதான். போன வருஷம் என் படிவத்தில்...

கோலிவாடா பொண்ணு
அண்ணா, நான் வேலையை விட்டாச்சு. இது அப்ரைசல் இல்லை, ரெஸ்யூமே.

பழைய க்யூ.ஏ.
பெரியவர் சொல்வதில் பாதி சரி. எண்ணாததை எண்ணினேன் என்று சொல்வதுதான் பொய். மதிப்பிட்டதை மதிப்பீடு என்று சொன்னால் அது பொய்யாகாது, ஆனால் எப்படி மதிப்பிட்டாய் என்று காட்ட வேண்டும். தங்கச்சி, உன் 28,800 அந்த இடத்தில்தான் விழுகிறது. மாதம் 30 நாளுமா வேலைக்குப் போனாய்? வாரம் ஐந்து நாள் என்றால் வருஷத்துக்கு 260 நாள். பண்டிகை விடுமுறை ஒரு பத்து, நீ எடுத்த லீவு ஒரு இருபது. மிச்சம் 230 நாள்தான். இன்டர்வியூவில் உட்காரும் ஆபரேஷன்ஸ் ஆள் 28,800 என்று பார்த்ததும் மனசுக்குள் 230-ஆல் வகுத்துப் பார்த்துவிடுவார். அப்புறம் நீ சொல்லும் எதையும் நம்ப மாட்டார்.

அந்த 80 எங்கிருந்து வந்தது? அது உன் வழக்கமான நாளா, மார்ச் கடைசி வாரமா? ஞாபகத்தில் ஒட்டிக்கொள்வது எப்போதும் நல்ல நாள்தான். ஒன்று கேட்கிறேன், உங்கள் ஆபீஸில் இலக்கைத் தாண்டிப் போட்டால் ஊக்கத்தொகை உண்டா?

கோலிவாடா பொண்ணு
உண்டு. நாளுக்கு 70 இலக்கு. மாதக் கணக்கில் அதைத் தாண்டும் ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் 3 ரூபாய். ஆனால் அந்த மாதம் ஆடிட் மார்க் 98%-க்குக் கீழே போனால் ஒரு பைசா கிடையாது.

பழைய க்யூ.ஏ.
அப்படியானால் உன் எண் உன் சம்பளச் சீட்டிலேயே இருக்கிறது! சீட்டு உன்னுடைய காகிதம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. எத்தனை மாதச் சீட்டு கையில் இருக்கிறதோ அத்தனையிலும் ஊக்கத்தொகை வரியை மட்டும் ஒரு தாளில் எழுது. சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, நடுவில் நிற்பதை எடு. பெரிய மாதத்தை எடுக்காதே. சராசரியும் வேண்டாம், ஒரே ஒரு மார்ச் மாதம் அதைத் தூக்கிவிடும். அந்த நடுத்தொகையை 3-ஆல் வகுத்தால் மாதத்தில் எத்தனை கூடுதல் என்று வரும். அதை 21 வேலைநாளால் வகுத்து 70-ஓடு சேர்.

அந்தேரி அண்ணாச்சி
இவ்வளவு சுற்று எதற்கு? அங்கேயே வேலை பார்க்கும் தோழியிடம் சொல்லி டேஷ்போர்டை ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடச் சொன்னால் முடிந்தது.

பழைய க்யூ.ஏ.
அண்ணாச்சி, அந்த ஸ்க்ரீனில் க்ளையன்ட் பெயர் இருக்கும், வெண்டர் பெயர் இருக்கும். பிராசஸ் நடக்கும் இடத்துக்குள் போனே கொண்டுபோக விடாத இடங்கள் இருக்கின்றன. தோழியின் வேலை போய்விடும்.

கோலிவாடா பொண்ணு
போட்டோ வேண்டாம், எங்கள் தளத்தில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். சீட்டுகளைத் தேடினேன். மெயிலில் 22 மாதத்தது இருக்கிறது. மூன்றில் ஊக்கத்தொகை பூஜ்யம், ஒரு மார்ச்சில் 1,410 ரூபாய். பூஜ்யங்களை எடுத்துவிட்டுப் பார்க்கலாமா? அந்த மாதங்களில் ஒன்று ஆடிட்டில் போனது, மற்றதில் ஊருக்குப் போயிருந்தேன் என்று நினைக்கிறேன்.

மாட்டுங்கா பெரியவர்
இதைத்தான் நான் சொன்னேன்! பிடிக்காததை எடுத்துவிட்டு மிச்சத்தைக் கூட்டினால் எந்தக் கணக்கும் நல்ல கணக்குதான்.

பழைய க்யூ.ஏ.
பெரியவரே, இதில் நான் உங்கள் பக்கம். பூஜ்யங்களும் வரிசையில் நிற்கட்டும். நடுவை எடுக்கும்போது கீழே மூன்று பூஜ்யம் நிற்பதால் பெரிதாகக் கெடாது, எடுத்துவிட்டால்தான் எண் மேலே போகும். ஆனால் பூஜ்ய மாதம் என்றால் 70-தான் போட்டாள் என்று அர்த்தமில்லை, 85 போட்டும் ஆடிட்டில் விழுந்திருக்கலாம். அதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

கோலிவாடா பொண்ணு
அடுக்கிப் பார்த்தேன். நடுவில் 570 வருகிறது. 190 கூடுதல், நாளுக்கு 9. ஆக 79. என் ஞாபகம் அவ்வளவு தப்பில்லை!

பழைய க்யூ.ஏ.
ஒரு வழியில் வந்த எண்ணை நம்பாதே, இன்னொரு வழியில் போய்ப் பார். டீம் மொத்தமாக மாதம் எத்தனை போட்டது என்று டீம் லீடர் மீட்டிங்கில் சொல்லியிருப்பாரே?

கோலிவாடா பொண்ணு
மாதம் 14,000 என்று அடிக்கடி சொல்வார். நாங்கள் ஒன்பது பேர், அதில் இரண்டு பேர் எப்போதும் புதிதாகச் சேர்ந்தவர்கள்.

பழைய க்யூ.ஏ.
14,000-ஐ ஒன்பதால் வகுத்து 21-ஆல் வகுத்தால் தலைக்கு 74. புதியவர்கள் குறைவாகத்தான் போடுவார்கள், அப்போது பழையவர்கள் 74-க்கு மேலேதான் இருக்க வேண்டும். இரண்டு வழியும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. ஒரு வழியில் 80, இன்னொன்றில் 45 என்று வந்திருந்தால் எங்கோ தப்பு, நிறுத்திவிட்டுத் தேட வேண்டும். நீ கீழ்ப்பக்கமாகப் பிடித்து "நாளொன்றுக்குச் சுமார் 75" என்று எழுது. ஆண்டுக்கு வேண்டுமென்றால் 230 நாளுக்குச் "சுமார் 17,000". 17,250 என்று எழுதாதே. அந்த 250 ஏதோ எண்ணிப் பார்த்தது போல நடிக்கும்.

இனி அந்த 99.5%. அது எங்கிருந்து வந்தது?

கோலிவாடா பொண்ணு
டீம் லீடர் சொல்வார்.

பழைய க்யூ.ஏ.
ஆடிட்டில் எத்தனை சதவீதம் எடுத்துப் பார்ப்பார்கள்?

கோலிவாடா பொண்ணு
நூற்றுக்கு ஐந்து.

பழைய க்யூ.ஏ.
சரி. மாதம் 1,575 போட்டால் ஆடிட்டுக்கு வருவது 79. அதில் ஒரு பிழை என்றால் 98.7%, பிழையே இல்லை என்றால் 100%. நடுவில் 99.5 என்று ஒரு மார்க் உனக்கு எந்த மாதமும் விழவே முடியாது. நான் ஆடிட் பார்த்த காலத்தில் ஒரு பையன் 99.8% என்று எழுதிக்கொண்டு வந்தான். "எத்தனையில்?" என்று ஒரே கேள்விதான் கேட்டேன். ஏ.சி. அறையில் வியர்த்துவிட்டது அவனுக்கு.

கோலிவாடா பொண்ணு
ஐயோ. இப்போது ஞாபகம் வருகிறது. எங்கள் வரிசைக்கு எதிரே வெள்ளைப் பலகையில் பச்சை மார்க்கரில் 99.5 என்று எழுதி வட்டம் போட்டிருக்கும். அது க்ளையன்ட் கேட்ட இலக்கு! மூன்று வருஷமாகப் பார்த்துப் பார்த்து என் மார்க் என்றே நினைத்துவிட்டேன்.

பழைய க்யூ.ஏ.
நிறைய பேர் ரெஸ்யூமேயில் இருப்பது இதுதான், சுவரில் இருந்த இலக்கு. பரவாயில்லை, உன் சீட்டு இங்கேயும் சாட்சி சொல்கிறது. 98%-க்குக் கீழே போனால் தொகை கிடையாது என்றாய். 79-ல் ஒரு பிழை என்றால் தொகை கிடைக்கும், இரண்டு என்றால் 97.5, கிடைக்காது. ஆக 22 மாதத்தில் 19 மாதம் நீ ஆடிட்டைத் தாண்டியிருக்கிறாய். "சீட்டு உள்ள 22 மாதங்களில் 19-ல் ஆடிட் வரம்பான 98%-க்கு மேல்" என்று எழுது. இது மதிப்பீடுகூட இல்லை, எண்ணியது. பெரியவருக்கும் சம்மதமாக இருக்கும்.

மாட்டுங்கா பெரியவர்
அது சரி. "சுமார் 75"-ஐ மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தேரி அண்ணாச்சி
எனக்கும் ஏற்கவில்லை, ஆனால் வேறு காரணம். பக்கத்து ரெஸ்யூமேயில் 150 என்று இருக்கும்போது "சுமார் 75" யார் கண்ணில் படும்?

பழைய க்யூ.ஏ.
படாமல் போகலாம், மறுக்கவில்லை. ஆனால் ஒரு இன்வாய்ஸுக்கு ஐந்து நிமிஷம் பிடிக்கும் பிராசஸில் 150 என்றால் பன்னிரண்டரை மணிநேர வேலை. அதையும் யாராவது கேட்பார்கள்.

விக்ரோலி வித்யா
அந்த 40% என்ன ஆச்சு? எனக்கும் இதே சிக்கல், அதனால் கேட்கிறேன்.

கோலிவாடா பொண்ணு
காலையில் முதல் வேலை, ஒரே இன்வாய்ஸ் இரண்டு தடவை வந்திருக்கிறதா என்று பார்ப்பது. வெண்டர் கோட், இன்வாய்ஸ் எண், தொகை மூன்றையும் கண்ணால் ஒப்பிடுவோம், ஒன்றேகால் மணிநேரம் போகும். நான் எக்ஸலில் இதைப் போட்டேன்:

```
=COUNTIFS(A:A,A2,B:B,B2,C:C,C2)
```

ஒன்றுக்கு மேல் வந்தால் சிவப்பு. அப்புறம் 25 நிமிஷம்தான் ஆனது. ரூம்மேட் அதைத்தான் 40% என்கிறாள்.

பழைய க்யூ.ஏ.
எதில் 40%? அந்த ஒரு வேலையில் பார்த்தால் 75 நிமிஷம் 25 ஆனது, மூன்றில் இரண்டு பங்கு குறைந்திருக்கிறது. முழு ஷிப்டில் பார்த்தால் ஐம்பது நிமிஷம் மிச்சம். இரண்டிலும் 40 வரவில்லை. நிமிஷத்தையே எழுது: "காலை இரட்டைப் பதிவுச் சோதனை சுமார் 75 நிமிடத்திலிருந்து 25 ஆகக் குறைந்தது." ஒன்று, `INV-0457` என்றும் `INV0457` என்றும் ஒரே பில் இரண்டு விதமாக வந்தால் உன் சூத்திரம் பிடிக்காது. கட்டாயம் கேட்பார்கள்.

கோலிவாடா பொண்ணு
தெரியும், அதற்காக எண்ணின் நடுவில் வரும் சிறு கோட்டை எடுத்துவிட ஒரு தனி நெடுவரிசை வைத்திருந்தேன்.

மாட்டுங்கா பெரியவர்
ஒரு சந்தேகம். அந்த ஊக்கத்தொகை வரியில் வேறு படியும் கலந்திருந்தால்?

கோலிவாடா பொண்ணு
நல்லவேளை கேட்டீர்கள் தாத்தா. மறுபடி பார்த்தேன். இரண்டு சீட்டில் நைட் ஷிப்ட் படியும் அதே வரியில் சேர்ந்திருக்கிறது. இரண்டும் பெரிய தொகை. அவற்றை விட்டுவிட்டு 20 சீட்டில் அடுக்கினால் நடுவில் 540. 180 கூடுதல், நாளுக்கு எட்டரை. 78-க்கும் 79-க்கும் நடுவில். ஆடிட் வரியையும் 20-ல் 17 என்று மாற்றிவிட்டேன். 75-ஐத் தொடவில்லை. "சுமார்" வைப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை, ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்.