இரண்டு லீற்றர் குளுக்கோஸ் ஏறிய பிறகு 124 இலிருந்து 114க்கு இறங்கிய சோடியம்

வாவிக்கரை (தாதி உத்தியோகத்தர், மட்டக்களப்பு)

எங்கள் விடுதிக்கு வந்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதுகிறேன். அறுபது வயதைக் கடந்த, ஏறத்தாழ 50 கிலோ எடையுள்ள அம்மா அவர். பிரசருக்காக ஹைட்ரோகுளோரோதயசைட் குளிசையைப் பல வருடங்களாக எடுத்து வந்தவர். வயிற்றோட்டமும் வாந்தியும் தொடங்கி இரண்டு நாள் எதுவும் சாப்பிடாத நிலையில் ஊரிலுள்ள சிறிய வைத்தியசாலையில் சேர்த்திருக்கிறார்கள். அங்கே விரல் நுனியில் குத்திப் பார்த்தபோது சீனி 64 என்று காட்டியதால் 5% டெக்ஸ்ட்ரோஸ் தொடங்கப்பட்டது. சீனி சரியான பிறகும் அதே திரவம் தொடர்ந்து, விடிவதற்குள் இரண்டு லீற்றர் ஏறிவிட்டது. அம்புலன்சில் எங்களிடம் வந்தபோது பிரசர் 90/60, கூட வந்த மகளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை, கட்டிலில் ஏற்றியவுடனேயே வலிப்பு வந்தது. நாங்கள் அனுப்பிய இரத்தத்தில் சோடியம் 114. திரவம் ஏற்றுவதற்கு முன் அங்கே எடுத்த இரத்தத்தின் முடிவு பிறகுதான் தொலைபேசியில் கிடைத்தது: 124.

இரண்டு லீற்றர் ஏறியும் பிரசர் ஏன் உயரவில்லை, சோடியம் ஏன் இவ்வளவு இறங்கியது என்பதை இங்குள்ள வைத்தியர்கள் விளக்கினால் புதிதாக வருபவர்களுக்குப் பயன்படும்.

திருக்கோவில் மாணவன் (தாதியர் பயிற்சி)

5% டெக்ஸ்ட்ரோசின் செறிவு லீற்றருக்கு 278 மில்லியொஸ்மோல். இரத்தத்தினுடையதும் அதற்கு அண்மையில்தான் இருக்கிறது. எங்கள் குறிப்புகளிலும் அது ஐசோடோனிக் வரிசையிலேயே உள்ளது. ஆகவே திரவத்தைக் குறைசொல்ல முடியாது, வயிற்றோட்டத்தில் உப்பு வெளியேறியதே காரணம் என்று நினைக்கிறேன்.

கல்முனை மருத்துவர் (பொது மருத்துவம்)

தம்பி சொல்வது போத்தலுக்குள் இருக்கும்வரை சரி. நாளத்துக்குள் இறங்கியதும் கலங்கள் அந்தக் குளுக்கோசை எடுத்து எரித்துவிடுகின்றன. பிறகு எஞ்சுவது உப்பில்லாத வெறும் நீர். வெறும் நீருக்குக் கலமென்சவ்வு தடையல்ல என்பதால் அது உடல் முழுவதும் பரவி, மூன்றில் இரண்டு பங்கு கலங்களுக்குள் போய்விடுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி கலங்களுக்கு இடையிலுள்ள வெளியில் தங்க, பன்னிரண்டில் ஒரு பங்குதான் இரத்த நாளத்துக்குள் நிற்கிறது. இந்த அம்மாவுக்கு ஏறிய இரண்டு லீற்றரில் நாளத்துக்குள் நின்றது 170 மில்லிலீற்றருக்கும் குறைவு. பிரசர் எப்படி உயரும்? அதே அளவு நோர்மல் சேலைன் ஏறியிருந்தால் சோடியம் கலத்துக்கு வெளியேயே நிறுத்தப்படுவதால் நீரும் வெளியேயே நின்று, ஏறத்தாழ அரை லீற்றர் நாளத்துக்குள் இருந்திருக்கும்.

சோடியம் இறங்கியதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்த வயதுப் பெண்ணின் உடலில் எடையின் 45 வீதம் நீர் என்று கொண்டால் 22.5 லீற்றர். அதில் 124 ஆக இருந்த சோடியத்துடன் இரண்டு லீற்றர் நீரைக் கலந்தால், 124 × 22.5 ÷ 24.5, அதாவது 114. வழக்கமாகச் சிறுநீரகம் மேலதிக நீரைக் கழித்துவிடும். ஆனால் வாந்தியும் நீரிழப்பும் உள்ளவரின் உடல் நீரைப் பிடித்துவைக்கும் ஹோர்மோனைச் சுரந்துகொண்டே இருக்கும், தயசைட் குளிசையும் சிறுநீரை ஐதாக்கவிடாது. எனவே கொடுத்த நீர் முழுவதும் உள்ளேயே நின்றது. மற்ற உறுப்புகளின் கலங்கள் வீங்கினால் இடமுண்டு, மண்டையோட்டுக்குள் இடமில்லை. அதுதான் வலிப்பு.

வயிற்றோட்டமும் குளிசையும் ஆரம்பத்து 124க்குப் பொறுப்பு என்பதில் மாணவன் சொல்வது சரியே.

அக்கரைப்பற்று வாசகன்

மருத்துவத்துறை சாராதவன் எழுதுகிறேன், மன்னிக்கவும். என் உம்மாவும் இதே பிரசர் குளிசையைத்தான் எடுக்கிறார். உப்பைக் குறைக்கச் சொன்னதால் கறிக்கு உப்பே போடுவதில்லை. அப்படியானால் இனி அவருக்கு உப்பைக் கூட்டிக் கொடுக்க வேண்டுமா, குளிசையை நிறுத்த வேண்டுமா?

கல்முனை மருத்துவர்

இரண்டும் வேண்டாம். சோடியம் குறைவது பெரும்பாலும் உடலில் நீர் மிஞ்சுவதால்தான். உப்பைக் கூட்டினால் பிரசர்தான் கூடும். அடுத்த கிளினிக்கில் சோடியமும் பொட்டாசியமும் பார்க்கச் சொல்லுங்கள். வாந்தி, வயிற்றோட்டம் வந்தால் அந்தக் குளிசையைத் தொடர்வதா என்று அன்றே வைத்தியரிடம் கேளுங்கள். ஜீவனியை மட்டும் பொதியில் சொன்ன அளவு நீரில் கரைத்துக் கொடுங்கள். அந்த நேரத்தில் வெறும் தண்ணீரையும் தேநீரையும் மட்டும் தொடர்ந்து கொடுப்பதும் ஏறத்தாழ இந்த டெக்ஸ்ட்ரோஸ் கதைதான்.

வாவிக்கரை

சிகிச்சையையும் எழுதிவிடுகிறேன். வலிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே 3% சேலைன் 150 மில்லிலீற்றரை 20 நிமிடத்தில் ஏற்றினோம், பிறகு இன்னுமொரு முறை அதே அளவு. வலிப்பு நின்றது, சோடியம் 119 ஆனது. பிரசருக்காக நோர்மல் சேலைன் தொடங்கினோம். பொட்டாசியம் 2.9 இருந்ததால் அதையும் சேர்த்தோம்.

நாங்கள் நிம்மதியடைந்த நேரத்தில்தான் சிறுநீர்ப் பை நிரம்பத் தொடங்கியது. மணிக்கு 350 மில்லிலீற்றர், பார்த்தால் தண்ணீர் போல நிறமே இல்லை. ஆறாவது மணியில் சோடியம் 122. உடனே நோர்மல் சேலைனை நிறுத்தி, முன்பு தீங்கு செய்த அதே 5% டெக்ஸ்ட்ரோசைத் தொடங்கும்படி வைத்தியர் சொன்னபோது, உறவினர்கள் மட்டுமல்ல, எங்கள் விடுதியிலேயே சிலர் திகைத்தார்கள்.

கல்முனை மருத்துவர்

சரியான முடிவு. நீரிழப்பு சரியானதும் அந்த ஹோர்மோன் அடங்கிவிடும். சிறுநீரகம் தேங்கிய நீரை ஒரே மூச்சில் வெளியேற்றும். சோடியம் நாம் எதுவும் செய்யாமலே ஏறும். பல நாட்களாகக் குறைந்த சோடியத்துக்குப் பழகிய மூளைக் கலங்கள் தம்முள் இருந்த கரைபொருட்களை வெளியேற்றித்தான் வீக்கத்தைத் தவிர்த்திருக்கும். வெளியே செறிவு சடுதியாகக் கூடினால் அவற்றிலிருந்து நீர் இழுக்கப்பட்டு, நரம்புகளின் உறை சிதைகிறது. அதன் அறிகுறி உடனே தெரியாது. நோயாளி தெளிந்து பேசிய சில நாட்களுக்குப் பிறகு பேச்சுக் குழறும், விழுங்க முடியாது போகும், கைகால்கள் செயலிழக்கும்.

இவருக்கு 10 புள்ளி ஒரே இரவில் இறங்கியது உண்மை. ஆனால் 124 என்பது பழைய சரிவு, பொட்டாசியமும் குறைவு. ஆகவே 24 மணித்தியாலத்தில் 8க்கு மேல் ஏறக்கூடாது என்றே நானும் வைத்திருப்பேன். அந்த எல்லை 122. ஆறு மணித்தியாலத்திலேயே அதைத் தொட்டுவிட்டார். ஏற்றிய பொட்டாசியமும் சோடியத்தை உயர்த்தும், அதைக் கணக்கில் விடுபவர்கள் பலர்.

திருக்கோவில் மாணவன்

3% சேலைனைக் கழுத்து நாளத்தில் மட்டுமே ஏற்றலாம் என்று படித்தோம். கையிலா ஏற்றினீர்கள்?

வாவிக்கரை

முழங்கை மடிப்பில் 18 அளவு கனுலா. வலிப்பு வந்துகொண்டிருப்பவருக்குக் கழுத்தில் வழி போடும்வரை காத்திருக்க முடியாது. குறுகிய நேரத்துக்குப் பெரிய நாளத்தில் ஏற்றலாம்; பக்கத்தில் நின்று, தோல் தடிக்கிறதா, எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே ஏற்ற வேண்டும். மணிக்கணக்கில் ஓடவிடுவதென்றால் நீங்கள் படித்தது பொருந்தும்.

ஏறாவூர் தாதி (தீவிர சிகிச்சைப் பிரிவு)

எங்கள் பிரிவில் இப்படியான நோயாளிக்கு முதலாவது மணியிலேயே டெஸ்மோபிரசின் கொடுத்துச் சிறுநீரை அடைத்துவிடுவார்கள். ஆறு மணித்தியாலம் காத்திருந்தது தேவைதானா?

கல்முனை மருத்துவர்

இதில் வைத்தியர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. முன்கூட்டியே கொடுத்தால் சோடியம் நம் கட்டுப்பாட்டில் இருக்கும்; ஆனால் அதன் பிறகு நோயாளி தண்ணீர் குடித்தாலோ யாராவது டெக்ஸ்ட்ரோஸ் போத்தலை மாட்டிவிட்டாலோ சோடியம் மறுபடி இறங்கும். ஆளணி குறைந்த விடுதியில் நான் சிறுநீர் அளவை மணிக்கு மணி பார்த்து, 100ஐத் தாண்டினால் சோடியத்தை உடனே பார்த்துத் தீர்மானிப்பேன். உங்கள் பிரிவில் இரண்டு மணிக்கொருமுறை இரத்தம் பார்க்க முடியுமென்றால் உங்கள் முறையை மறுக்க மாட்டேன்.

வாவிக்கரை

எங்களிடமும் பிறகு டெஸ்மோபிரசின் 2 மைக்ரோகிராம் கொடுக்கப்பட்டது. 24 மணியில் சோடியம் 121, மறுநாள் 127. மகளை அடையாளம் கண்டார். தயசைட் நிறுத்தப்பட்டு வேறு குளிசை எழுதப்பட்டது. பேச்சிலும் நடையிலும் மாற்றம் தெரிந்தால் உடனே அழைத்து வரும்படி சொல்லி, இரண்டு வாரத்தில் கிளினிக்குக்கு நாள் கொடுத்திருக்கிறோம்.