ஆடிக் காற்றில் கட்டிய சுவர்: உளி பட்டதும் கல் முழுசாகக் கையில் வந்தது

சாரல்பக்கம்

வீடு தென்காசிப் பக்கம். மாடியில் ஒன்பது அங்குலச் சுவர், சூளைச் செங்கல், ஒன்றுக்கு ஆறு கலவை. போன ஆடியில் எழுப்பினோம். பூச்சுக்கு முன்னால் பைப் புதைக்க எலக்ட்ரீஷியன் காடி எடுக்க வந்தார். மேற்குச் சுவரில் உளி வைத்து நாலு அடி அடித்திருப்பார். செங்கல் உடையவே இல்லை, முழுசாகக் கழன்று அவர் கையோடு வந்துவிட்டது. "என்ன சார், கட்டினதா அடுக்கி வச்சதா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கல்லைத் திருப்பிப் பார்த்தால் துளி கலவை ஒட்டவில்லை. லாரியிலிருந்து இறங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே. அந்த ஓட்டைக்குள் போன் லைட் அடித்தேன். மேலே இருந்த கலவையில் சூளைக்காரரின் எழுத்து தலைகீழாக அச்சுப் போலப் பதிந்திருந்தது. பதிந்திருக்கிறது, ஆனால் பிடிக்கவில்லை. நகத்தால் கீறினேன், மணலாக உதிர்ந்தது.

கிழக்குச் சுவரும் அதே கொத்தனார், அதே வாரம், அதே சிமெண்ட். அங்கே உளி வைத்தால் கல்தான் உடைகிறது, கலவை விடுவதில்லை.

செங்கலை நனைத்தோமா என்றால் நனைத்தோம். தினமும் காலையில் நானே ஓஸ் பைப் பிடித்து, அடுக்கி வைத்த கல் அட்டி மேல் பத்து நிமிஷம் அடித்தேன். மீதிக் கல் இன்னும் கிடக்கிறது. நேற்று அதே மாதிரி தண்ணீர் அடித்துவிட்டு அட்டியைப் பிரித்துப் பார்த்தேன். வெளி வரிசை மட்டும் கறுத்திருந்தது. இரண்டாவது வரிசையில் பாதி ஈரம். அதற்கு உள்ளே கையில் செந்தூசு ஒட்டுகிறது.

பூச்சு வந்தால் எல்லாம் பிடித்துக்கொள்ளும் என்கிறார் காண்டிராக்டர்.

விருதுநகர் மாமா

ஆடியில் குத்தாலத்துப் பக்கம் வெயிலே கிடையாதே, அப்புறம் எப்படிக் காயும்? சிமெண்ட் குறைத்திருப்பார்கள். என் வீட்டில் கத்திரி வெயிலில் கட்டினோம், ஒரு கல் அசையவில்லை. சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். முந்தின நாள் ராத்திரியே கல்லைத் தொட்டியில் போட்டுவிட வேண்டும். விடிய விடிய ஊறட்டும். எவ்வளவு குடிக்கிறதோ அவ்வளவு நல்லது. காலையில் தொட்டியிலிருந்து எடுத்த கையோடு கட்ட வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்குப் பைப்பைத் திறந்து சுவர் முழுக்க அடித்துவிட வேண்டும். அன்றே அடிக்க வேண்டும், மறுநாள் என்றால் லேட். மறுநாள் காலை, மத்தியானம், சாயங்காலம் என்று மூன்று வேளை. பதினான்கு நாள் விடாமல். கொத்தனார் சொல்வதைக் கேட்காதீர்கள், அவருக்குச் சீக்கிரம் முடிந்தால் போதும். சம்ப் தண்ணீர் போதவில்லை என்றால் லாரித் தண்ணீர் வாங்குங்கள், கணக்குப் பார்க்காதீர்கள். மணலையும் ஒரு தடவை சலித்துப் பார்த்திருக்கலாம். சிமெண்ட் மூட்டை தேதியையும்.

கடலூர் அலை

மாமா, தொட்டியிலிருந்து எடுத்த கையோடு கட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், எங்களுக்கு அதை மழையே செய்து கொடுத்தது.

ஐப்பசி. இரண்டு நாள் மழையில் அட்டி திறந்தே கிடந்தது. மூன்றாம் நாள் வெளுத்தது, உடனே வேலை. கல் எடுக்கும்போதே தண்ணீர் சொட்டியது. நாலரை அங்குலச் சுவர், ஒரே நாளில் ஐந்தடிக்கு மேல் ஏற்றிவிட்டார்கள். நான் டீ வாங்கிக்கொண்டு வருகிறேன், கொத்தனார் தூக்குக்குண்டைப் பிடித்தபடி அசையாமல் நிற்கிறார். நடுவில் சுவர் அரை அங்குலம் வெளியே தள்ளியிருந்தது. நான் பார்க்கப் பார்க்கவே ஒரு கல் மெதுவாக நகர்ந்தது. சத்தமே இல்லை. அதுதான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. "மிதக்குது" என்றார்.

பலகை வைத்துத் தட்டி நேராக்கப் பார்த்தார். மேஸ்திரி வந்து தடுத்தார். கலவை இறுக ஆரம்பித்த பிறகு தட்டினால் நேராகத் தெரியும், ஆனால் பிடிப்பு விட்டுப் போயிருக்கும் என்றார். ஆறு வரிசை பிரித்தோம்.

அன்று ராத்திரி மறுபடி மழை. தார்ப்பாய் போட்டிருந்தோம், சுவரோடு ஒட்டி, கயிறு கட்டி. காலையில் பார்த்தால் உள்சுவர் பத்திரமாக இருக்கிறது, வெளிச்சுவர் கீழ்ப்பாதி முழுக்கச் சிமெண்ட் கண்ணீர். சாரப் பலகையில் விழுந்த மழை தெறித்துத் தெறித்துக் கல்லுக்கு நடுவே இருந்த சந்துக் கலவையை எல்லாம் கழுவியிருந்தது. சுவரை மூடினோம், பலகையை யோசிக்கவில்லை.

26வருடசைட்

சாரல்பக்கம் எழுதியதில் விடை இருக்கிறது. அவருக்குக் காய்ந்தது வெயிலால் இல்லை, காற்றால். ஆடியில் அந்தப் பக்கம் மேற்கிலிருந்து அடிக்கிற காற்றுக்கு ஈரத் துணி எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்று பாருங்கள். மேற்குச் சுவர் அதை நேராக வாங்கும், கிழக்குச் சுவர் மறைவில் இருக்கும். சிமெண்ட் குறைந்திருந்தால் இரண்டு சுவரும்தான் உதிரும். மாமா, இதை மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் காற்று பாதிதான், மீதி அந்த உள் வரிசைக் கல். மூன்று கிலோ சூளைச் செங்கல் ஒன்று நன்றாக ஊறினால் அரை லிட்டர் தண்ணீர் குடிக்கும். ஐநூறு கல் என்றால் இருநூற்றைம்பது லிட்டர். ஓஸ் பைப்பில் பத்து நிமிஷம் அடித்தால் முக்கால்வாசி வழிந்து தரையில்தான் போகும். குடிக்காத தண்ணீரைக் கல் எங்கிருந்து எடுக்கும்? கலவையிலிருந்து எடுக்கும். கலவையின் முகம் முதலில் வறண்டு போகும், அங்கே சிமெண்ட் இறுகாது. அதனால்தான் எழுத்து பதிந்தும் ஒட்டவில்லை.

எனக்கும் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. சூப்பர்வைசர் ஆன முதல் வருஷம், பல்லடம் பக்கம் ஒரு காம்பவுண்டுச் சுவர். நீள நீளமாகக் கலவையை விரித்துவிட்டுக் கல் வைத்துக்கொண்டு போனார்கள். ஐந்தாறு கல்லுக்கு ஒரே விரிப்பு. பார்க்க வேகமாக, அழகாக இருந்தது. நானும் பாராட்டினேன். கடைசிக் கல் வைக்கும்போது கலவை மேல்தோல் மங்கிவிட்டதைக் கவனிக்கவில்லை. அந்தச் சுவரில் நாலைந்து கல்லுக்கு ஒரு இடத்தில் கை வைத்தாலே ஆடியது. காற்று நாளில் இரண்டு மூன்று கல்லுக்கு மேல் கலவை விரிக்க விடக்கூடாது என்று அன்று தெரிந்தது.

இப்போது எந்தச் சைட்டிலும் லாரி வந்ததும் ஒரு கல்லில் இரண்டு ரூபாய் நாணயத்தை வைத்துப் பென்சிலால் வட்டம் போடுவேன். அதற்குள் இருபது சொட்டுத் தண்ணீர். ஒன்றரை நிமிஷத்துக்குள் உறிஞ்சிவிட்டால் அந்தக் கல்லை நனைக்காமல் கட்ட முடியாது. அதற்கு மேலும் தண்ணீர் நின்றால் நனைக்க அவசியமில்லை.

நனைப்பது தொட்டியில்தான், கடலூர்க்காரர் சொன்ன காரணத்துக்காக எடுத்து வைத்துக் கொஞ்சம் வடியவிட்டுத்தான். கல் உள்ளே ஈரமாக இருக்க வேண்டும், மேலே பளபளப்பு இருக்கக்கூடாது. கட்டின அன்றே பைப் வைத்து அடிப்பது இன்னொரு தவறு. சந்துக் கலவையைத் தண்ணீர் அரித்துவிடும். அன்று சாயங்காலம் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டால் போதும், தண்ணீர் விடுவது மறுநாளிலிருந்து. குறைந்தது ஏழு நாள்.

வளசைவீடு

நல்ல வேளை இந்தப் பேச்சு வந்தது. எங்களுக்கும் இதே கதைதான். வெள்ளைக் கல், இலேசாக இருக்குமே, ஏஏசி, அதில் கட்டினோம். அப்பா விருதுநகர் மாமா மாதிரியே ராத்திரி முழுக்க ஊறவைத்தார். மூன்று நாளுக்கு ஒரு தடவை டேங்கர் லாரி. நாலு மாதத்தில் பூச்சில் கல் கல்லாகக் கோடு, வெளியே நின்று எண்ணலாம் எத்தனை கல் என்று. எங்களுக்கும் ஊறியது போதவில்லையோ?

26வருடசைட்

இல்லை சார், உங்களுடையது நேர் எதிர்க் கதை. அந்தக் கல்லை ஊறவைக்கவே கூடாது. அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் மெதுவாகக் காய்ந்து சுருங்கும். சுருங்கும்போது சந்தில் கோடு விழும். பிரஷ்ஷால் தூசு தட்டி, முகத்தை இலேசாக ஈரத் துணியால் துடைத்தால் போதும். அப்பாவிடம் சொல்லாதீர்கள், பாவம்.

தொட்டிச்சத்தம்

நான் கட்டட வேலை தெரிந்தவன் இல்லை. அம்மா சித்தாளாகப் போன நாட்களில் பள்ளிக்கூடம் விட்டு நேராகச் சைட்டுக்குப் போவேன். தார் டிரம்மைப் பாதியாக வெட்டித் தண்ணீர் நிரப்பியிருப்பார்கள். கல்லைப் போட்டதும் புளுக் புளுக் என்று குமிழி வரும். எண்ணிக்கொண்டே இருப்பேன். அம்மா, "பேச்சு நின்னுச்சான்னு பாரு" என்பாள். குமிழி நின்றால் கல் பேசி முடித்துவிட்டது, எடுத்து வரிசையாகச் சாய்த்து வைப்பாள். ஒருநாள் கொத்தனார் அவசரப்படுத்தி, பேசிக்கொண்டிருக்கும் கல்லையே வாங்கிக் கட்டினார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று வீட்டுக்கு வரும் வழி முழுக்க அந்தச் சுவரைத்தான் திட்டிக்கொண்டு வந்தாள். யாருடைய வீடோ அது.

விருதுநகர் மாமா

காற்று என்று நான் யோசிக்கவில்லை, சரி. ஆனால் வடியவிட வேண்டும் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். என் வீட்டுச் சுவர் முப்பது வருஷமாக நிற்கிறது.

கடலூர் அலை

மாமா, உங்கள் கொத்தனார் நீங்கள் பார்க்காதபோது வடியவிட்டிருப்பார்.

சாரல்பக்கம்

எல்லாருக்கும் நன்றி. ஒன்றுதான் கேட்க வேண்டும். இப்போது பத்து நாள் விடாமல் தண்ணீர் விட்டால் அந்த மேற்குச் சுவர் தேறுமா? கொத்தனார் தேறும் என்கிறார்.

26வருடசைட்

கலவை கொஞ்சம் கெட்டிப்படலாம். இறுகாமல் நின்ற சிமெண்ட் தண்ணீர் கிடைத்தால் மறுபடி வேலை செய்யும். ஆனால் கல்லுக்கும் கலவைக்கும் விட்டுப்போன பிடிப்பு திரும்ப வராது. அதற்குத் தண்ணீர் மருந்து இல்லை, பூச்சும் இல்லை. பூச்சு வெளித்தோலைப் பிடிக்கும், உள்ளே கல் அப்படியேதான் இருக்கும்.

பிரிப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். நாலங்குல ஆணி எடுத்து மேலே, நடுவே, கீழே, ஜன்னல் ஓரம் என்று பத்து இடத்தில் சந்தைக் கீறுங்கள். கால் அங்குலத்துக்குப் பிறகு ஆணி நின்றால் மேல்தோல் மட்டும்தான் போயிருக்கிறது, அங்கே சந்தைச் சுரண்டி, நனைத்துப் புதுக் கலவை அடைக்கலாம். ஆணி போய்க்கொண்டே இருந்தால் அந்த வரிசையைப் பிரிக்கத்தான் வேண்டும். சுவர் கூரையைத் தாங்குகிறதா, பில்லருக்கு நடுவில் அடைப்புச் சுவரா என்பதையும் சொல்லுங்கள். தாங்குகிற சுவர் என்றால் நான் இங்கே எழுதி முடிவு சொல்ல மாட்டேன், ஒரு இன்ஜினீயர் நேரில் பார்க்கட்டும்.

சாரல்பக்கம்

அடைப்புச் சுவர்தான். சாயங்காலம் கீறிப் பார்த்தேன். கீழே எட்டு வரிசை வரைக்கும் ஆணி நிற்கிறது. அந்த உயரம் வரை பக்கத்து வீட்டு மாடிக் கைப்பிடிச் சுவர் காற்றை மறைக்கிறது, இன்றுதான் கவனித்தேன். அதற்கு மேலே ஜன்னல் வரை ஆணி முழுசாக இறங்குகிறது. காண்டிராக்டருக்குப் போட்டோ அனுப்பியிருக்கிறேன். நீலக் கோடு விழுந்துவிட்டது, பதில் இல்லை.

தார் டிரம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.