எல்லோரிடமும் வழிகிறவர், என்னிடம் மட்டும் வேறு மாதிரியா?

மழைக்கோடு:

எட்டு மாதமாக ஒரே குழுவில் வேலை பார்க்கிறோம். அவர் யாரிடம் பேசினாலும் அது கொஞ்சலாகத்தான் இருக்கும். வரவேற்பில் இருக்கும் பெண், கணக்குப் பிரிவு அக்கா, புதிதாகச் சேர்ந்தவர் என்று எல்லோரிடமும் அப்படித்தான். இது தெரிந்தேதான் நான் விழுந்தேன்.

ஒரு நாள் காலையில் நான் உள்ளே நுழைந்ததும், "நீங்க வந்த பிறகுதான் இந்த அறைக்கே வெளிச்சம் வந்துச்சு" என்றார். அந்த ஒரு வரியை ஒரு வாரம் மனதுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். அடுத்த வாரம் இதே வரியை வரவேற்புப் பெண்ணிடம் சொன்னார். ஒரு சொல்கூட மாறவில்லை. அன்று சாயங்காலம் வரை எனக்கு வேலையே ஓடவில்லை.

ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் எனக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறார். நான் சொன்ன சின்ன விஷயங்களை நினைவில் வைத்திருக்கிறார். அதனால்தான் குழப்பம். இப்படி ஒருவரிடம் மாட்டியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். வித்தியாசம் இருக்கிறதா இல்லையா என்று எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள்?

ஒற்றைச்சிறகு:

என் கணவர் கல்லூரியில் இதே மாதிரிதான். வகுப்பில் யாரையும் விட்டுவைக்க மாட்டார். என்னிடம் மட்டும் ஒரு கட்டத்தில் பேச்சே குறைந்துவிட்டது. கண்ணைப் பார்க்க மாட்டார், வார்த்தை தடுமாறும். பிறகுதான் தெரிந்தது, மனதில் ஏதோ இருந்ததால்தான் விளையாட்டாகப் பேச வரவில்லை என்று. ஆகவே என் கருத்து இதுதான்: எல்லோரிடமும் கொஞ்சுகிறவர் உங்களிடம் கொஞ்சுவதை நிறுத்தினால் அதுதான் காதல். இன்னும் கொஞ்சிக்கொண்டிருக்கிறார் என்றால் ஒன்றுமில்லை.

நேர்வழி:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது சகோதரி? வேலை செய்யும் இடத்தில் ஒருவர் இப்படிப் பேசினால் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் எழுத்தில் புகார் கொடுங்கள். என் தங்கைக்கும் ஒருவர் இப்படித்தான் தொல்லை கொடுத்தார். தேதி போட்டு எழுதி வைத்த குறிப்புதான் கடைசியில் அவளுக்குக் கை கொடுத்தது.

மழைக்கோடு:

நேர்வழி, உங்கள் தங்கைக்கு நடந்தது வேறு. எனக்கு இது தொல்லையாக இல்லை, பிடித்திருக்கிறது. அதுதான் என் சிக்கலே.

தாழ்வாரம்:

ஆனாலும் நேர்வழி சொன்னதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் தோழி: தேதி போட்டுக் குறித்து வைப்பது. வேறொரு காரணத்துக்காகச் சொல்கிறேன்.

நான் பல வருடம் இளைஞர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இருந்தவள். இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குவார்கள். அவர் தங்களிடம் செய்ததை மட்டும் பட்டியல் போடுவார்கள். பாராட்டினார், நினைவு வைத்தார், சிரித்தார் என்று. மற்றவர்களிடம் என்ன செய்தார் என்பது அந்தப் பட்டியலில் இருக்கவே இருக்காது. ஹெரால்ட் கெல்லி என்ற உளவியலாளர் 1967-இல் எழுதியதில் எனக்கு மிகவும் பயன்பட்ட ஒரு கேள்வி உண்டு: இந்த ஆள் இப்படி நடப்பது இவரிடம் மட்டுமா, எல்லோரிடமுமா? எல்லோரிடமும் என்றால் அந்த நடத்தை அவருடைய இயல்பைக் காட்டுகிறது, உங்களைப் பற்றி எதையும் சொல்வதில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது அவருடைய வழக்கத்திலிருந்து விலகி நிற்பதை மட்டும்தான். சாதாரண ஆண்கள் எப்படி நடப்பார்கள் என்பது இங்கே அளவுகோலே இல்லை.

இன்னொன்று. கண்ணில் படுகிற கொஞ்சலையே நாம் பெரிதாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஜெஃப்ரி ஹால் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவும் 2014-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முன்பின் தெரியாத ஆணையும் பெண்ணையும் பேச வைத்து, எதிரில் இருப்பவர் தன்னிடம் வழிந்தாரா என்று இருவரையும் தனித்தனியே கேட்டார்கள். உண்மையில் வழிந்தபோது ஆண்களில் 36 சதவீதம் பேர்தான் அதைக் கண்டுகொண்டார்கள். பெண்களில் வெறும் 18. அதாவது, பெரும்பாலானவர்களின் ஈடுபாடு வெளியே தெரியாத அளவுக்கு மெல்லியது. உங்கள் ஆளுடையது ஊருக்கே தெரிகிறது. அது அவருக்குப் பேச்சு வழக்கம். ஈடுபாடு என்று ஒன்று இருந்தால், அது அந்தச் சத்தத்துக்கு அடியில் வேறு உருவத்தில் இருக்கும்.

மூன்று வாரம் எழுதுங்கள். உங்களுக்கும் உங்கள் குழுவில் வேறு இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதுங்கள், இது முக்கியம். அவர் பேசியபோது பக்கத்தில் கேட்க ஆள் இருந்ததா? நீங்கள் சொன்ன விஷயத்துக்கு அவராகவே மறுபடி திரும்பி வந்தாரா? அதற்காக நேரமோ வசதியோ எதையாவது விட்டுக்கொடுத்தாரா? இந்த மூன்றும் போதும். ஒற்றைச்சிறகு சொன்னதும் ஒரு பாதி சரிதான். பேச்சு குறைவது ஒரு மாற்றம். ஆனால் ஆர்வம் போனாலும் பேச்சு குறையும். குறைந்த இடத்தில் வேறு என்ன வந்தது என்று பார்க்காமல் முடிவு கட்ட முடியாது.

காற்றாடி:

நான் அந்தப் பக்கத்து ஆள். முப்பது வயது வரை எல்லோரிடமும் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன், அதனால் உள்ளே என்ன நடக்கும் என்று சொல்ல முடியும்.

முதலில் அந்த இரவு நேரச் செய்தி. அதை அடையாளமாக எடுக்காதீர்கள். ஒரு காலத்தில் நான் ஒரே இரவில் நான்கு பேரோடு பேசிக்கொண்டிருந்தேன். நான்கு பேருமே, "தூங்கும் நேரத்தில் என்னிடம்தான் பேசுகிறான்" என்று நம்பினார்கள். தனியாகப் பேசுவதால் அது தனி இடம் ஆகிவிடாது. மற்ற மூவரை உங்களால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது, இதைச் சொல்ல எனக்கு இன்றும் கஷ்டமாக இருக்கிறது. ஒரு பெண்ணை நான் உண்மையிலேயே வேறு மாதிரி நடத்தினேன். அவளுக்காக ஒரு மணி நேரம் காத்திருந்தேன், அவள் படிப்பதைப் படித்தேன். யார் கணக்கெடுத்திருந்தாலும் அவளுக்குத்தான் தனி இடம் என்று சொல்லியிருப்பார்கள். காரணம் வேறு. என் பேச்சுக்கு மயங்காத ஒரே ஆள் அவள்தான். அவளும் சிரிக்க ஆரம்பித்த பிறகு இரண்டே வாரத்தில் என் வேகம் தணிந்துவிட்டது. அவள் அழுததை நான் மறக்கவில்லை.

அதனால் தாழ்வாரம் அக்கா சொன்ன கணக்கோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நீங்கள் பதிலுக்கு அன்பு காட்டிய நாட்களுக்குப் பிறகு அவர் நெருங்குகிறாரா, தள்ளிப் போகிறாரா? நீங்கள் விலகினால் மட்டும் ஓடி வருகிறார் என்றால், அவருக்கு வேண்டியது நீங்கள் அல்ல, உங்கள் கவனம்.

ஒற்றைச்சிறகு:

காற்றாடி சொன்னதைப் படித்த பிறகு யோசித்தேன். என் கணவர் பேச்சைக் குறைத்தது மட்டுமில்லை. நான் காய்ச்சலில் இருந்த பத்து நாளும் வகுப்புக் குறிப்புகளைக் கையால் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். அதை நான் சொல்ல விட்டுவிட்டேன். ஆனாலும் அந்தத் தடுமாற்றம் பொய்யில்லை என்பதில் நான் மாறவில்லை.

மழைக்கோடு:

மூன்று வாரம் முடிந்தது. சொன்னபடி எனக்கும், கணக்குப் பிரிவு அக்காவுக்கும், புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கும் சேர்த்து எழுதினேன்.

பாராட்டு வார்த்தைகளில் எந்த வித்தியாசமும் இல்லை. எனக்குப் பதினான்கு, புதிய பெண்ணுக்குப் பதினாறு. என்னிடம் சொன்ன பதினான்கில் பதினொன்றை வேறு யாராவது கேட்கும்படிதான் சொல்லியிருக்கிறார். எழுதாமல் இருந்திருந்தால் எனக்குத்தான் அதிகம் என்று சத்தியம் செய்திருப்பேன்.

இரண்டாவது வாரம் அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை. தேதியை ஒருமுறை பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். அன்று மதியம் அவர் தனியாக வந்து, "அப்பாவுக்கு எப்படி இருக்கு? நீங்க கிளம்புங்க, மீதி அறிக்கையை நான் முடிச்சுடுறேன்" என்றார். கொஞ்சல் துளிகூட இல்லை. தாழ்வாரம் அக்கா சொன்ன மூன்றும் அந்த ஒரு நிமிடத்தில் இருந்தது. வண்டியில் போகும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் மற்றவர்கள் பக்கத்தையும் எழுத வேண்டுமே. மூன்றாவது வாரம் கணக்குப் பிரிவு அக்காவின் மகனுக்குத் தேர்வு. அவரிடமும் போய் விசாரித்தார், அவருடைய வேலையையும் ஒரு நாள் பார்த்துக் கொடுத்தார். அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது. அந்த அக்கறை உண்மையானது, அவர் நல்லவர்தான். ஆனால் அது எனக்கான இடம் இல்லை, அவர் எல்லோருக்கும் அப்படித்தான்.

அப்புறம் காற்றாடி கேட்டது. நான் நெருங்கிப் பேசிய நாட்களுக்குப் பிறகு அவர் அப்படியேதான் இருந்தார். தள்ளிப் போகவும் இல்லை, நெருங்கவும் இல்லை. சரி, கேட்டே பார்ப்போம் என்று ஒரு வியாழக்கிழமை, "சனிக்கிழமை நாம ரெண்டு பேரும் மட்டும் எங்கயாவது போகலாமா?" என்றேன். "போகலாமே! குழுவுல எல்லாரையும் கூப்பிடலாம், நல்லா இருக்கும்" என்றார். அடுத்த வாரம் மறுபடியும், மட்டும் என்பதை அழுத்திக் கேட்டேன். மறுபடியும் இன்னும் மூன்று பேரைச் சேர்த்துவிட்டார்.

தாழ்வாரம்:

ஒருமுறை என்றால் கவனிக்காமல் விட்டிருக்கலாம். நீங்கள் அழுத்திச் சொன்ன பிறகும் கூட்டம் சேர்த்தார் என்றால், அதை நான் பதிலாகத்தான் எடுத்துக்கொள்வேன் தோழி.

ஒற்றைச்சிறகு:

எனக்கு அப்படித் தோன்றவில்லை. தனியாக உட்கார்ந்தால் தடுமாறிவிடுவோம் என்ற பயமாக ஏன் இருக்கக் கூடாது? என் கணவரும் முதல் இரண்டு முறை நண்பனை இழுத்துக்கொண்டுதான் வந்தார்.

காற்றாடி:

பயமாக இருந்தால் அந்தக் கூட்டத்திலும் உங்கள் பக்கத்தில்தான் இடம் தேடுவார். அந்த இரண்டு சனிக்கிழமையும் அவர் எங்கே உட்கார்ந்தார்?

மழைக்கோடு:

முதல் முறை என் எதிரில். இரண்டாவது முறை புதிய பெண்ணுக்குப் பக்கத்தில், மேசையின் மறுமுனையில். கிளம்பும்போது மட்டும், "வீடு போய்ச் சேர்ந்ததும் சொல்லுங்க" என்றார். நானும் சொன்னேன். அந்தப் பெண்ணிடமும் அதையே சொன்னாரா என்று நாளை அவளிடம் கேட்கப் போகிறேன்.